சாய்கோட்டில் சிக்கிய பணம்

மலேசியத் தமிழர்களின் மைகார்டில் சொந்தப் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு நிற்கும். ஆண் என்றால் A/L, பெண் என்றால் A/P. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. அட்டையில் இருக்கும்வரை அந்தக் கோட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. இணையப் படிவத்துக்குள் நுழைந்ததும்தான் தகராறு தொடங்குகிறது. கணினி உலகில் சாய்கோட்டுக்கு வேறு வேலை உண்டு: கோப்புறைக்குள் கோப்புறையைப் பிரிப்பது, இணைய முகவரியைத் துண்டுபோடுவது. அதனால் பெயர்க் கட்டத்தில் அது வந்தால் பல நிரல்கள் ஐயத்தோடு பார்க்கும். சில படிவங்கள் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும். சில, ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு உள்ளே சத்தமில்லாமல் அழித்துவிடும். இரண்டாவது வகைதான் ஆபத்து.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ பித்தளைப் பூசைச் சாமான் வாங்கி, ஆன்லைன் சந்தைத் தளத்தில் விற்கும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெயர் சசி என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் பெயர் ராஜூ. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. விற்ற பணம் 3,860 ரிங்கிட் கைக்கு வரவில்லை. அதே வாரத்தில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கற்பூர ஆரத்தித் தட்டின் லிஸ்டிங்கும் ‘தடைசெய்யப்பட்ட பொருள்’ என்று முடக்கப்படுகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் ஒரே காரணம் என்றுதான் எவருக்கும் தோன்றும். தளம் தன்னைக் குறிவைக்கிறது என்ற கோபத்தில், இரண்டையும் சேர்த்து ஒரே நீண்ட கடிதமாக உதவிப் பிரிவுக்கு எழுதிப் போடுவார்கள். அந்தக் கடிதம் பெரும்பாலும் வீணாகும். காரணம், இங்கே வேலை செய்தவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இயந்திரங்கள். ஒன்று பெயர்களை ஒப்பிடுவது, மற்றது சொற்களையும் படங்களையும் வடிகட்டுவது. உதவிப் பிரிவிலும் பணத்தைப் பார்ப்பவர்கள் வேறு, லிஸ்டிங்கைப் பார்ப்பவர்கள் வேறு. இரண்டு புகாரும் ஒரே டிக்கெட்டில் வந்தால் அது ஏதாவது ஒரு வரிசைக்குத்தான் போகும். அங்கே இருப்பவர் தன் பங்கை மட்டும் பார்த்து, அல்லது அதையும் பார்க்காமல், டிக்கெட்டை மூடிவிடுவார்.

முதலில் பணம். ‘பணம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரே சொற்றொடருக்குள் மூன்று வேறு நிலைமைகள் இருக்கின்றன. வாங்குபவர் கட்டிய பணம் நேரே விற்பவருக்குப் போவதில்லை. தளம் அதை நடுவில் வைத்திருக்கும். பொருள் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் ‘கிடைத்தது’ என்று அழுத்தினாலோ, அல்லது அதற்கான கெடு தாண்டினாலோதான் ஆர்டர் முடிந்ததாகக் கணக்கு. அதன்பிறகு தொகை விற்பனையாளரின் இருப்புக்கு வரும். அங்கிருந்து வங்கிக்குப் போவது தனிப் பயணம். ஆக, பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி. ஆர்டர் இன்னும் முடியவில்லை என்றால் அது நிறுத்திவைப்பே அல்ல, காத்திருப்பு. ஆர்டர் முடிந்தும் இருப்பில் தொகை ஏறவில்லை என்றால் ஏதோ தகராறு அல்லது மோசடித் தடுப்புச் சோதனை குறுக்கே நிற்கிறது. இருப்பில் தொகை தெரிகிறது, எடுக்கக் கோரினால் ‘தோல்வி’ என்று திரும்பி வருகிறது என்றால் கோளாறு வங்கிக்குப் போகும் வழியில். சசிக்கு நடந்தது இந்த மூன்றாவது. இருப்பில் 3,860 ரிங்கிட் அப்படியே இருக்கிறது. எடுக்கும் கோரிக்கை மட்டும் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. உதவிப் பிரிவுக்கு எழுதுமுன் இதை உறுதிசெய்யாதவர்கள், ‘ஆர்டர் முடிந்த பிறகு பணம் வரும்’ என்ற அச்சடித்த பதிலை வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தை இழப்பார்கள்.

அந்தக் கோரிக்கை ஏன் திரும்புகிறது? விற்பனையாளர் பதிவில் இருக்கும் பெயரையும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரையும் தளம் ஒப்பிடுகிறது. இது வீம்புக்குச் செய்யும் வேலை அல்ல. கடவுச்சொல்லைத் திருடியவன் முதலில் செய்வது கடையின் வங்கிக் கணக்கை மாற்றுவதுதான். பெயர் ஒப்பீடு அதைத் தடுக்கும் வேலி. சிக்கல், அந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது என்பதில் இருக்கிறது.

பெயர்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும் என்றால் பாதிப் பேர் தோற்றுவிடுவார்கள். அதனால் ‘எவ்வளவு நெருக்கம்’ என்று அளக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் பழையதும் எளியதுமான ஒன்று, ரஷ்யக் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965-இல் வெளியிட்ட தொலைவு. ஒரு சொற்றொடரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கையே அந்தத் தொலைவு. அதை நீளத்தால் வகுத்து, சதவீதமாக்கி, நூறிலிருந்து கழித்தால் ஒற்றுமைச் சதவீதம் கிடைக்கும். சசியின் பெயரில் இடைவெளிகளையும் சேர்த்து 14 குறிகள். அதை நான்கு பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

```
SASI A/P RAJOO  ~  SASI AP RAJOO    1   93%
SASI A/P RAJOO  ~  SASI A/L RAJOO   1   93%
SASI A/P RAJOO  ~  SASI A/P RAJU    2   86%
SASI A/P RAJOO  ~  SASI RAJOO       4   71%
```

முதல் வரியில் இருப்பது சசியேதான், சாய்கோடு மட்டும் விழுந்துவிட்டது. இரண்டாம் வரியில் இருப்பவர் ஓர் ஆண், முற்றிலும் வேறு ஆள். இருவருக்கும் ஒரே மதிப்பெண். மூன்றாம் வரியில் வேறொரு தகப்பனின் மகள், அவருக்கு 86. நான்காவது மறுபடியும் நம் சசிதான். வருடங்களுக்கு முன்பு கணக்குத் திறந்தபோது யாரோ A/P-யை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்திருக்கிறார். அவருக்குக் கிடைப்பது 71. அதாவது இந்த அளவுகோலின் கண்ணுக்கு, சசியைவிட அந்நியர்கள்தான் சசியைப்போல் இருக்கிறார்கள். தேர்ச்சி எல்லையை எங்கே வைத்தாலும் தீராது. 80-இல் வைத்தால் உரியவர் வெளியே, மற்றவர்கள் உள்ளே. 70-க்கு இறக்கினால் எல்லாரும் உள்ளே. A/L, A/P இரண்டையும் ஒப்பீட்டுக்கு முன்பே ஒரு தனிக் குறியாகப் பிரித்தெடுத்தால்தான் இது சரியாகும். அதற்கு நிரல் எழுதுபவருக்கு மலேசிய இந்தியர் பெயர் எப்படி அமைகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தளம் எந்த அளவுகோலை வைத்திருக்கிறது என்று வெளியே சொல்வதில்லை. லெவன்ஸ்டைனைவிட நயமான முறைகளும் உண்டு. ஆனாலும் எழுத்துகளை மட்டும் எண்ணும் எந்த முறைக்கும் இந்த நோய் ஓரளவு இருக்கும்.

வங்கி தங்கள் பெயரை எப்படிப் பதிந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஏடிஎம் அட்டையில் அச்சாகியிருப்பதை நம்ப வேண்டாம், அது இடத்துக்கேற்பச் சுருக்கப்பட்டிருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குடும்பத்தில் வேறு யாருடைய வங்கிச் செயலியிலாவது டுயிட்நவ் வழியாக உங்கள் கணக்குக்கு ஒரு வெள்ளி அனுப்புவதுபோல் தொடங்குங்கள். அனுப்பும் பொத்தானுக்கு முந்தைய திரையில் பெறுபவரின் பெயர் வங்கிப் பதிவிலிருந்து வந்து நிற்கும். அதைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு, அனுப்பாமல் வெளியேறிவிடலாம். வேறொரு வங்கியின் திரையில் தெரியும் பெயர் என்பதால் அது ஓரளவு சாட்சியும் ஆகிறது. கடைப் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆவணம் தேவைப்படும்: எஸ்எஸ்எம் தரும் வணிக விவரப் படிவம். கடைப் பெயரும் உரிமையாளரின் மைகார்டுப் பெயரும் ஒரே தாளில் இருப்பதால், இரண்டையும் இணைத்துக் காட்ட அதைவிட நல்ல தாள் இல்லை.

ஒன்றைச் செய்யாமல் இருப்பது நல்லது. பதற்றத்தில் வங்கிக் கணக்கையே மாற்றிவிடாதீர்கள். பணம் சிக்கியிருக்கும் நேரத்தில் கணக்கு எண் மாறினால், மேலே சொன்ன திருடனின் நடத்தைபோலவே அது தெரியும். சாதாரணப் பெயர்ப் பிசகு மோசடி ஐயமாக உயர்ந்துவிடும்.

இனிக் கடிதம். அனுப்புவது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

“பொருள்: பணம் எடுக்கும் கோரிக்கை தோல்வி, பெயர்ப் பொருத்தம். கோரிக்கை எண், தேதி, தொகை RM 3,860. ஆர்டர்கள் அனைத்தும் முடிந்தவை. தொகை என் இருப்பில் உள்ளது. மைகார்டிலும் விற்பனையாளர் பதிவிலும் என் பெயர் SASI A/P RAJOO. வங்கிப் பதிவில் SASI RAJOO. A/P என்பது பெயரின் பகுதி அல்ல, ‘மகள்’ என்ற உறவுக்குறி; இரண்டும் ஒரே ஆள். இணைப்பு: மைகார்டு, கணக்கு எண்ணும் பெயரும் தெரியும் வங்கி அறிக்கையின் முதல் பக்கம். வேண்டுவது: வங்கிப் பெயரை SASI RAJOO என்று கைமுறையாக உறுதிசெய்து, கோரிக்கையை மீண்டும் அனுப்புக. தோல்விக்கு வேறு காரணம் இருந்தால் வங்கி அனுப்பிய திருப்பக் காரணத்தைத் தெரிவிக்கவும்.”

இதில் கோபம் இல்லை, தீபாவளி இல்லை, எத்தனை வருட விற்பனையாளர் என்ற பெருமையும் இல்லை. கோபப்பட உரிமை இல்லை என்பதால் அல்ல. படிப்பவருக்கு ஒரு டிக்கெட்டுக்குச் சில நிமிடங்கள்தான். அதற்குள் அவர் பதிவில் எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரத்துக்குத் தெரியாத ஒரே தகவல், A/P என்பது என்ன என்பதுதான். அதைக் கொடுத்துவிட்டால் மீதி வேலை சிறியது. கடைசி வாக்கியம் மட்டும் கொஞ்சம் தந்திரமானது. காரணத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், பொதுவான அச்சடித்த பதிலை ஒட்டிவிட்டு மூடுவது கடினம்.

மைகார்டுப் படத்தின் குறுக்கே ‘இந்தத் தளத்தின் சரிபார்ப்புக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிவிட்டு, விற்பனையாளர் பக்கத்துக்குள்ளேயே ஏற்றுங்கள். பணம் சிக்கியதாகப் புலம்பும் விற்பனையாளர்களைத் தேடி, உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில் வருபவர்கள் உண்டு. அவர்களிடம் ஏமாந்துவிட்டால் அழைக்க வேண்டிய எண் 997, தேசிய மோசடி எதிர்வினை மையம்.

இப்போது ஆரத்தித் தட்டு. கற்பூரத்தின் மேல் தளங்களுக்கு இருக்கும் பயம் நியாயமானதே. செயற்கைக் கற்பூரம் ஐ.நா. அபாயப் பொருள் பட்டியலில் 2717 என்ற எண்ணில், எளிதில் தீப்பற்றும் திடப்பொருளாக, 4.1 வகுப்பில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து கூச்சிங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ போகும் பொட்டலம் விமானத்தில் ஏறக்கூடியது. அங்கே அறிவிக்கப்படாத கற்பூரப் பொட்டலம் இருக்கக் கூடாது. ஆனால் சசி விற்பது கைப்பிடி வைத்த பித்தளைத் தட்டு. லிஸ்டிங்கின் தலைப்பு மட்டும் Brass Camphor Aarthi Plate.

முதல் வடிகட்டி பெரும்பாலும் சொற்களை ஒரு மூட்டைபோல் பார்க்கும். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஐய எடை என்று கூட்டும். சொற்களின் உறவு அதற்குப் புரியாது. ‘கற்பூரத் தட்டு’ என்பதில் விற்கப்படுவது தட்டு, கற்பூரம் அதன் பயன் என்பதை நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் அறிகிறோம். மூட்டைக்குள் இரண்டும் சமம். இதிலிருந்து வேடிக்கையான ஒரு விளைவு பிறக்கிறது. நல்லெண்ணத்தோடு விளக்கத்தில் ‘கற்பூரம் சேர்க்கப்படவில்லை’ என்று எழுதினால் நிலைமை மோசமாகும். ‘இல்லை’ என்பதற்கு எடை கிடையாது. கற்பூரத்தின் எண்ணிக்கை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாகும். ‘புகை வராது, தீப்பிடிக்காது’ என்று இன்னும் விளக்கினால் தீயும் சேர்ந்துகொள்ளும்.

வடிகட்டி இதைவிட நுட்பமாக இருந்தாலும் நல்ல பொருள்கள் சிக்கத்தான் செய்யும். கணக்கு அப்படி. பத்து லட்சம் லிஸ்டிங்குகளில் ஆயிரத்தில் ஒன்று உண்மையிலேயே தடைப் பொருள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், ஆக ஆயிரம். வடிகட்டி மிக நல்லது, அவற்றில் 95 சதவீதத்தைப் பிடிக்கிறது: 950. நல்ல பொருள்களில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் நல்ல பொருள்கள் 9,99,000. அதில் நூற்றில் ஒன்று 9,990. மொத்தம் முடக்கப்பட்டவை 10,940. அவற்றில் உண்மையான குற்றவாளிகள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. தேடும் பொருள் அரிதாக இருந்தால், துல்லியமான சல்லடையிலும் நல்லதே அதிகம் தங்கும். நோய்ப் பரிசோதனைகளில் மருத்துவர்கள் தினமும் சந்திக்கும் அதே புள்ளியியல் இது. எண்கள் கற்பனை, அவை காட்டும் போக்கு கற்பனை அல்ல. முடக்கப்பட்டதாலேயே தவறு நம்முடையது என்று ஒடுங்கிப்போக வேண்டியதில்லை. தளம் நம்மைக் குறிவைத்தது என்று நினைக்கவும் ஆதாரமில்லை.

அடுத்து வரும் ஆசை: முடங்கிய லிஸ்டிங்கை அழித்துவிட்டு, தலைப்பை மாற்றிப் புதிதாகப் போடுவது. அரை மணி நேர வேலைதானே என்று தோன்றும். இங்கே இரண்டாவது கண்ணி இருக்கிறது. ஒரு படம் ஏற்கெனவே வந்ததா என்று பார்க்கப் படக் கைரேகை என்ற உத்தி உண்டு. எளிய வடிவத்தில், படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகச் சுருக்கி நிறத்தை நீக்குவார்கள். ஒவ்வொரு கட்டமும் சராசரியைவிட வெளிச்சமா இருட்டா என்று 1 அல்லது 0 போட்டால் 64 இலக்கங்கள் கிடைக்கும். படத்தின் அளவை மாற்றினாலும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டினாலும், ஓரத்தில் கடைப் பெயரைப் போட்டாலும் அந்த 64-இல் ஒன்றிரண்டுதான் மாறும். அதே பித்தளைத் தட்டு மறுபடி வந்திருப்பது உடனே தெரிந்துவிடும். முடக்கியதை மறுபடி ஏற்றுவது விதியை ஏய்க்கும் முயற்சியாகக் கணக்கிடப்பட்டால், ஒரு லிஸ்டிங்கின் பிரச்சினை கடையின் பிரச்சினையாக வளரும். போதாக்குறைக்குப் பழைய லிஸ்டிங்கின் விமர்சனங்களும் விற்பனை எண்ணிக்கையும் அதோடு போய்விடும்.

ஆகவே மேல்முறையீடுதான் வழி. முதலில் முடக்க அறிவிப்பையும், இப்போதிருக்கும் தலைப்பு, விளக்கம், படங்களையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, மேல்முறையீட்டில் மனிதர் பார்க்கும்போது ஒரு நொடியில் விளங்கும்படி ஒன்று வேண்டும். தட்டை ஒரு தராசில் வைத்து, எடை தெரியும்படி படம் எடுக்கலாம். பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதெல்லாம் தெரிய இன்னொரு படம். மொத்த வியாபாரியிடம் வாங்கிய ரசீதில் ‘பித்தளைத் தட்டு, இத்தனை உருப்படி’ என்று இருந்தால் இன்னும் நல்லது; எழுத்தால் சொல்வதைவிட அது கனமானது. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: லிஸ்டிங் எண் இது, சுட்டப்பட்ட விதி இது, விற்பது பித்தளைப் பாத்திரம் மட்டும், தலைப்பில் உள்ள camphor என்பது பயன்பாட்டைக் குறிக்கிறது, லிஸ்டிங்கை மீட்டுத் தாருங்கள், தலைப்பை Brass Aarthi Plate with Handle என்று மாற்றிக்கொள்ளச் சம்மதம். தலைப்பை மாற்ற முன்வருவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். விதி தவறாகப் பொருந்தியது என்று ஒப்புக்கொள்வதைவிட, தலைப்பு திருத்தப்பட்டது என்று குறித்து மூடுவது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எளிது.

ஓர் எச்சரிக்கை. எல்லா முடக்கமும் தவறானதல்ல. அதே கடையில் நலங்கு மாவும் விற்று அது முடக்கப்பட்டால், தோலில் பூசுவது என்பதால் அது அழகுசாதனப் பொருள். மலேசியாவில் அதற்கு என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிப்புச் செய்து, NOT என்று தொடங்கும் எண் பெற வேண்டும். அந்த எண் இல்லாமல் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் பயன் இல்லை.

பதில் அச்சடித்ததாக வந்தால் புதிய டிக்கெட் திறக்காமல் அதே டிக்கெட்டிலேயே பதில் எழுதுவது நல்லது. புதியது வரிசையின் கடைசிக்குப் போகும். ஒரே ஆளிடமிருந்து பல வந்தால் நகல் என்று இணைத்து மூடப்படும். ‘எந்த விதியின் எந்தப் பிரிவு’ என்ற கேள்வியை மட்டும் திரும்பக் கேளுங்கள். இதே கேள்வி ஐரோப்பாவில் உரிமையாகிவிட்டது. 2019 ஜூலையில் ஜெர்மனியின் போட்டி ஆணையம் அமேசான் மீதான விசாரணையை முடித்தபோது, விற்பனையாளர் கணக்கைக் காரணம் சொல்லாமல் உடனே மூடும் அதிகாரத்தை அமேசான் விட்டுக்கொடுத்தது. காரணமும், சாதாரணமாக 30 நாள் முன்னறிவிப்பும் தர ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1150 ஒழுங்குவிதி 2020 ஜூலை 12 முதல் இதைப் பொதுவாக்கியது: விற்பனையாளரை முடக்கும் தளம் எழுத்தில் காரணம் கூற வேண்டும், பெரிய தளங்கள் உள்முறையீட்டுக்கு வழி வைத்திருக்க வேண்டும்.

மலேசியாவில், தளம் கடைசிவரை பணத்தைத் தராவிட்டால் பலர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நினைப்பார்கள். அது சொந்த வீட்டுப் பயனுக்குப் பொருள் வாங்கியவருக்கானது. வியாபாரத்துக்காகத் தளத்தைப் பயன்படுத்தும் விற்பனையாளர் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர் அல்லர். சசியின் 3,860 ரிங்கிட் போன்ற தொகைக்குப் பொருத்தமானது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை, 2012 நீதிமன்ற விதிகளின் 93-ஆவது ஆணை. தனிநபர் ஒருவர், வழக்கறிஞர் இல்லாமல் தானே தாக்கல் செய்யலாம். தளத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் தகராறுகளை எங்கே தீர்ப்பது என்ற பிரிவை அதற்குமுன் படித்துவிட வேண்டும். கையில் இருக்க வேண்டியவையும் கூடுதலாக எதுவுமில்லை: கோரிக்கை எண்கள், டுயிட்நவ் திரைப்பிடிப்பு, தேதி வரிசையில் அந்த ஒரே டிக்கெட்டின் கடிதங்கள்.